அறை 40 டிகிரிக்குப் போனால் கணினிக்கு மிச்சம் எவ்வளவு?

ஒரு ப்ராசசரின் உச்ச வெப்பநிலை 95 டிகிரி என்று தயாரிப்பாளர் சொன்னால், அறை 20 டிகிரியில் இருந்தாலும் 40 டிகிரியில் இருந்தாலும் அந்த 95 மாறாது. மாறுவது, அறையின் வெப்பநிலைக்கும் அந்த 95-க்கும் நடுவே உள்ள இடைவெளி. 25 டிகிரி அறையில் 70 டிகிரி இடைவெளி கிடைக்கிறது; 40 டிகிரி அறையில் 55 தான். ப்ராசசர் செலவழிக்கும் ஒவ்வொரு வாட்டும் வெப்பமாகி இந்த இடைவெளிக்குள்தான் வெளியேற வேண்டும். ஏசி இல்லாத அறையில் கணினி தடுமாறுவதைப் புரிந்துகொள்ள இந்தக் கழித்தல் கணக்கு ஒன்றே பெரும்பாலும் போதும்.

ஆனால் இணையத்தில் ஒரு கூலரின் விமர்சனத்தைப் படிக்கும்போது பலரும் இதைக் கவனிப்பதில்லை. "முழு லோடில் 78 டிகிரி" என்று எழுதியிருக்கும்; எந்த அறையில் என்று தேடினால் 21 அல்லது 23 டிகிரி ஆய்வுக்கூடமாக இருக்கும். அந்த 78 நமக்கு எந்தப் பயனும் இல்லாத எண். பயனுள்ளது, 78-லிருந்து 21-ஐக் கழித்தால் வரும் 57. அதே ப்ராசசர், அதே வாட், அதே ஃபேன் வேகம் என்றால் அந்த 57 எந்த அறைக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். 40 டிகிரி அறையில் அது 97.

"ஏறக்குறைய" என்று சொல்லக் காரணம் உண்டு. சிலிக்கான் சூடேறச் சூடேற அதன் கசிவு மின்னோட்டம் கூடும். அதனால் அதே வேலைக்கே கொஞ்சம் அதிக வாட் எடுக்கும், அது மேலும் கொஞ்சம் சூட்டைக் கூட்டும். சூடான காற்று அடர்த்தியும் குறைந்தது. 25-லிருந்து 40 டிகிரிக்குப் போனால் அதே ஃபேன் அதே சுழற்சியில் சுமார் 5 சதவீதம் குறைவான காற்றைத்தான் எடை கணக்கில் தள்ளும். ஆக, அறை 15 டிகிரி கூடினால் உள்ளே 15 மட்டுமல்ல, கூடவே ஒன்றிரண்டு டிகிரியும் ஏறும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஒரு கணினியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏஎம்5 சாக்கெட்டில் 8 கோர் ரைசன், பெட்டியில் 105 வாட் என்று அச்சிட்ட வகை. பெட்டியில் 105 என்றிருந்தாலும் சாக்கெட் வழியே அது இழுக்க அனுமதிக்கப்பட்ட அளவு 142 வாட். பயாஸில் `PPT` என்று தெரிவது இதுதான். உச்ச வெப்பநிலை 95. அதன் மேல் ஒரு நல்ல டவர் ஏர்கூலர். 25 டிகிரி அறையில் வீடியோ ரெண்டரிங் ஓடும்போது 142 வாட், 85 டிகிரி காட்டுகிறது. வித்தியாசம் 60. வாட்டால் வகுத்தால், ஒரு வாட்டுக்கு 0.42 டிகிரி.

இந்த 0.42 தான் இந்தக் கணினியின் கையெழுத்து. இனி எந்த அறைக்கும் கணக்குப் போடலாம். 40 டிகிரி அறையில் 142 வாட்டுக்கு 100 டிகிரி வர வேண்டும். 95-க்கு மேல் போக ப்ராசசர் விடாது. ஆக அதுவே தன் வாட்டை 130 அளவுக்குக் குறைத்துக்கொண்டு, 95-இலேயே ஒட்டிக்கொண்டு ஓடும். கணினி அணையாது, திரை உறையாது. ஃபேன் முழு வேகத்தில் கத்தும், ரெண்டர் முடியக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ரைசன் 7000 வரிசை வந்ததிலிருந்து, கூலர் கொஞ்சம் சுமாராக இருந்தாலே 25 டிகிரி அறையிலும் ப்ராசசர் 95-ஐத் தொட்டுவிடும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட கணினியில் அறை சூடேறினாலும் வெப்பநிலை எண் அசையாது. அசைவது வாட்டும் கிளாக்கும்தான். "நான் பார்த்தேன், எப்போதும் 95 தான், அறைச்சூடு ஒன்றும் செய்யவில்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் பார்க்க வேண்டிய எண்ணைப் பார்க்கவில்லை. HWiNFO போன்ற கண்காணிப்பு மென்பொருளில் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே வாட்டையும் கிளாக்கையும் வைத்துப் படிக்க வேண்டும்.

சரி, 40 டிகிரி அறையில் இதை எப்படிச் சமாளிப்பது? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இன்னும் இரண்டு ஃபேன். அது எவ்வளவு உதவும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட முடியும்.

அறைக் காற்றிலிருந்து ப்ராசசர் சில்லு வரைக்கும் உள்ள அந்த 60 டிகிரி ஒரே தாவலில் ஏறுவதில்லை. முதலில் கேபினெட்டுக்குள் இருக்கும் காற்று அறைக் காற்றைவிடச் சில டிகிரி சூடு. அந்தக் காற்றைவிட ஹீட்சிங்க்கின் தகடுகள் சூடு. தகடுகளைவிட அடித்தட்டு, அதைவிட ப்ராசசரின் உலோக மூடி, அதைவிட மூடிக்கு அடியில் இருக்கும் சில்லு. இன்றைய சில்லுகள் மிகச் சிறியவை. ஒரு சிறு நகத்தளவு இடத்திலிருந்து நூறு வாட்டுக்கு மேல் வெளிவர வேண்டும். ஆகவே மொத்த வித்தியாசத்தில் கணிசமான பங்கு சில்லுக்கும் மூடிக்கும் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. அந்தப் பங்கை எந்த ஃபேனாலும் தொட முடியாது.

கேபினெட் ஃபேன்கள் குறைப்பது முதல் படியை மட்டும். அதற்கும் கணக்கு இருக்கிறது. மேலே சொன்ன கணினியில் 220 வாட் கிராபிக்ஸ் கார்டும் இருக்கிறது, விளையாட்டு ஓடுகிறது என்று வைப்போம். கார்டு 220, ப்ராசசர் 80, மற்றவை 60, மொத்தம் 360 வாட். கேபினெட் வழியாக நொடிக்கு 30 லிட்டர் காற்று உண்மையில் கடந்து போகிறதென்றால், வெளியேறும் காற்று உள்ளே வந்த காற்றைவிட சுமார் 10 டிகிரி சூடாக இருக்கும். ஃபேன்களைக் கூட்டிக் காற்றோட்டத்தை இரட்டிப்பாக்கினால் அந்த 10 ஐந்தாகும். மீண்டும் இரட்டிப்பாக்கினால் இரண்டரை. முதல் இரட்டிப்புக்குச் செலவு செய்யலாம், இரண்டாவதற்குச் செய்வது சத்தத்தை வாங்குவதற்குச் சமம்.

ஒரு ஃபேன் கூட வாங்காமல் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அரை மணி நேரம் லோடு கொடுத்து வெப்பநிலை நிலைத்த பிறகு, கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு மேலும் பத்து நிமிடம் பாருங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கேபினெட்டில்தான் அடைப்பு. முன்பக்க வலையில் தூசியா, காற்றுத் துளை போதவில்லையா என்று தேடலாம். ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கியதென்றால் கேபினெட் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அதற்கு மேல் ஃபேன் வாங்குவது வீண். தகட்டைக் கழற்றியே வைத்துவிடலாமே என்றால், வைக்கலாம், ஆனால் தூசி சீக்கிரம் சேரும். சில கேபினெட்டுகளில் காற்றின் திசை கலைந்து கார்டின் சூடு அங்கேயே சுழலவும் செய்யும்.

எல்லாப் படிகளையும் ஒரே நேரத்தில் குறைக்கும் ஒரே திருகு, வாட். பாதி வாட் என்றால் ஒவ்வொரு படியும் பாதி. ஏசி இல்லாத அறையில் நான் முதலில் தொடுவது இதைத்தான். கூலர் மாற்றுவதெல்லாம் பிறகு.

நம் கணக்குக்கே திரும்பினால், 40 டிகிரி அறையில் 88-ஐத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். 48 டிகிரிதான் கையில் இருக்கிறது, 0.42-ஆல் வகுத்தால் 114 வாட். `PPT`-ஐ 110 என்று வைத்துவிடலாம். 142-லிருந்து 110 என்றால் கால்பங்குக்குக் கிட்டத்தட்ட வெட்டியதாகத் தோன்றும். ஆனால் வேகம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. உச்சத்தில் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்சுக்காக வோல்டேஜ் செங்குத்தாக ஏறுகிறது. வாட், வோல்டேஜின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறுகிறது. அந்த விலையுயர்ந்த நுனியை மட்டும் நறுக்குகிறோம், இழப்பு சில சதவீதத்தோடு நிற்கும். இன்னும் இறங்கி 65 வாட் ஈகோ மோடுக்குப் போனால் `PPT` 88 ஆகும்; 40 டிகிரி அறையில் 77. ஃபேனின் சத்தமும் அடங்கும். இன்டெல் பலகைகளில் இதே வேலையை `PL1`, `PL2` செய்கின்றன. பல மதர்போர்டுகள் இவற்றைத் தாமாகவே ஏறத்தாழ வரம்பில்லாத எண்ணில் வைத்திருக்கும், அதைத் திறந்து பார்ப்பது நல்லது.

கிராபிக்ஸ் கார்டுக்கும் இதே வழிதான். ஃபேனை ஒரே வேகத்தில் நிறுத்திவைத்து, 25 டிகிரி அறையில் 220 வாட்டுக்கு 70 டிகிரி என்றால் வித்தியாசம் 45. 40 டிகிரி அறையில் 85 வரும். பல என்விடியா கார்டுகள் 83-ஐ இலக்காக வைத்து அதற்கு மேல் கிளாக்கைக் குறைக்கத் தொடங்கும். 80-இல் நிறுத்த வேண்டுமானால் 196 வாட். லினக்ஸில் இது ஒரு வரி:

```
sudo nvidia-smi -pl 195
nvidia-smi -q -d TEMPERATURE,POWER
```

இரண்டாவது கட்டளை, அந்தக் கார்டு எந்த வெப்பநிலையில் வேகம் குறைக்கும், எதில் தன்னை அணைத்துக்கொள்ளும் என்பதையும் காட்டும். விண்டோஸில் கார்டு மென்பொருளில் பவர் லிமிட்டை 89 சதவீதத்துக்கு இழுத்தால் போதும்.

இதுவரை பேசியவை தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்த பாகங்கள். ப்ராசசர், கார்டு இரண்டும் சூடானால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என்விஎம்இ எஸ்எஸ்டியும் அப்படித்தான். பெரும்பாலானவை 70-க்கும் 85-க்கும் இடையில் எங்கோ எழுதும் வேகத்தைக் குறைக்கும். கார்டுக்கு அடியில் மாட்டியிருந்தால் அது சீக்கிரம் நடக்கும், வேறு ஸ்லாட் இருந்தால் மாற்றிவிடலாம். இவற்றால் கணினி மெதுவாகும், நிலைகுலையாது. அப்படியென்றால் வெயில் காலத்தில் நீலத்திரையும், விளையாட்டு நடுவில் மூடிக்கொள்வதும், கோப்பு கெட்டுப்போவதும் எங்கிருந்து வருகின்றன?

என் கண் முதலில் போவது ரேமின் மேல். ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும், அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஏறினால் கசிவு வேகமாகும். டிடிஆர்5 தரநிலையில் இந்தப் புதுப்பிப்பின் சராசரி இடைவெளி 3.9 மைக்ரோ நொடி; 85 டிகிரிக்கு மேல் அதைப் பாதியாக்க வேண்டும் என்பதே விதி. வாங்கியபடியே தரநிலை வேகத்தில் ஓடும் ரேமுக்கு 40 டிகிரி அறை ஒரு பொருட்டே அல்ல.

பிரச்சினை, கையால் இறுக்கிய ரேமில். வேகத்துக்காகப் பலர் பயாஸில் இந்தப் புதுப்பிப்பு இடைவெளியைக் குறிக்கும் `tREFI` என்ற எண்ணைக் கூட்டுகிறார்கள். 6000 வேக டிடிஆர்5-இல் கிளாக் 3000 மெகாஹெர்ட்ஸ், 3.9 மைக்ரோ நொடி என்பது 11,700 கிளாக். அதை 50,000 என்று வைத்தால் புதுப்பிப்பு நான்கு மடங்குக்கு மேல் தாமதமாகிறது. 25 டிகிரி அறையில் ரேம் 45 டிகிரியில் இருக்கும்போது மின்னூட்டம் அவ்வளவு நேரம் தாங்கலாம். 60 டிகிரியில் தாங்காமல் போகலாம். வேகத்தைக் குறைக்கும் தற்காப்பு இங்கே கிடையாது. பிட் மாறிவிடும், அவ்வளவுதான். அது ஒரு படத்தின் நிறப்புள்ளியாக இருந்தால் யாருக்கும் தெரியாது. இயங்குதளத்தின் முகவரியாக இருந்தால் நீலத்திரை. எழுதப்போகும் கோப்பாக இருந்தால் கெட்ட கோப்பு.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ரேம் சோதனையை இரவு முழுக்க ஓட்டிப் பிழையே இல்லை என்று சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். அந்த இரவில் கிராபிக்ஸ் கார்டு சும்மா இருந்திருக்கும். ரேம் 42 டிகிரியைத் தாண்டியிருக்காது. விளையாடும்போதோ 220 வாட் கார்டின் சூடான மூச்சு நேராக ரேம் பட்டைகளின் மேல்தான் படுகிறது. டிடிஆர்5 பட்டைகளில் வெப்ப உணரி உள்ளேயே இருக்கிறது, HWiNFO அதை `SPD Hub Temperature` என்று காட்டும். விளையாட்டில் அது எத்தனை வரை போகிறது என்று பார்த்து, அதே சூட்டில் ரேமைச் சோதித்தால்தான் அந்தச் சோதனைக்குப் பொருள். லினக்ஸில் கார்டுக்கு ஏதாவது ஒரு லோடு கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இதை ஓட்டலாம்:

```
stressapptest -W -M 20000 -s 3600
```

இங்கே 20000 என்பது மெகாபைட். 32 ஜிபி உள்ள கணினிக்குச் சரி.

வோல்டேஜைக் குறைத்து வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. குளிர்ந்த அறையில் இனி ஒரு படி குறைத்தாலும் விழும் என்ற விளிம்பு வரை இறக்கியிருந்தால், உயர் கிளாக்கில் சூடான சிலிக்கானுக்கு அதே வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் வேண்டும் என்பதால் அந்த விளிம்பு கோடையில் உள்ளே நகர்ந்துவிடும். வோல்டேஜ் குறைப்பு வாட்டைக் குறைக்கும் நல்ல கருவிதான். விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு படி பின்வாங்கி வைத்தால் போதும்.

எது விழுகிறது என்று கண்டுபிடிக்க, விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்க்கலாம். `Kernel-Power 41` என்று இருப்பதைப் பார்த்துப் பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முறைப்படி அணையாமல் நின்றது என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. அதற்குச் சற்று முன்னோ பின்னோ `WHEA-Logger` பதிவு இருந்தால், ப்ராசசர் தன் பிழையைத் தானே பதிந்திருக்கிறது. வோல்டேஜ் பக்கம் போகலாம். எந்தப் பதிவும் இல்லாமல், ஒவ்வொரு முறை வேறு வேறு காரணக் குறியோடு நீலத்திரை வந்தால் ரேம்.

திரை திடீரென்று கறுத்து, கணினி முழுக்க அணைந்து, பொத்தானை அழுத்தினாலும் சில நிமிடங்களுக்கு எழாமல், ஆறிய பிறகு எழுந்தால் பவர் சப்ளையின் வெப்பப் பாதுகாப்பைச் சந்தேகிக்கலாம். பவர் சப்ளைகளின் வாட் எந்த அறைச்சூட்டில் சொல்லப்பட்டது என்பது முக்கியம்: நல்லவை 50 டிகிரியில் முழு வாட் என்று உறுதி சொல்லும், சில 40-ஓடு நிறுத்திக்கொள்ளும். 80 பிளஸ் சான்றிதழ் அறை வெப்பத்தில், 23 டிகிரி அளவில், செய்யப்படும் திறன் சோதனை; சூடான அறையில் அது தாங்குமா என்று அந்தச் சின்னம் சொல்லாது. லோடு குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்திவைக்கும் மோடு இருந்தால் கோடையில் அதை அணைத்துவிடுவது என் வழக்கம். உள்ளே இருக்கும் மின்பகு கெப்பாசிட்டர்களின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணிப்பு. அவற்றுக்கு அந்த மெல்லிய காற்று பெரிய உதவி.

இந்தக் கணக்கெல்லாம் அறை வெப்பநிலை என்று ஒரு எண்ணை எடுத்துக்கொண்டுதான் நிற்கிறது. அந்த எண்ணைச் சுவரில் மாட்டிய வெப்பமானியில் படிக்கக் கூடாது. கேபினெட்டின் முன்பக்க ஃபேனுக்கு ஒரு கையளவு முன்னால் வைத்துப் படிக்க வேண்டும். மேசைக்கு அடியில் மூன்று பக்கமும் அடைத்த பெட்டிக்குள் கேபினெட்டைத் தள்ளிவைத்திருந்தால், பின்னால் வெளியேறும் சூடு சுற்றிவந்து முன்னால் மறுபடி நுழையும். அறை 38 என்று சுவர் சொல்லும், கேபினெட் உறிஞ்சும் காற்று 44 ஆக இருக்கும். அரை அடி வெளியே இழுத்துவைப்பதால் கிடைக்கும் இந்த ஆறு டிகிரியை, மேலே பார்த்த ஃபேன் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணினியும் அறையைச் சூடாக்குகிறது. 360 வாட் ஒரு சின்ன ஹீட்டர். சுமார் 30 கன மீட்டர் கொண்ட மூடிய அறையின் காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏற வேண்டும். சுவரும் தரையும் பெரும்பகுதியை விழுங்குவதால்தான் அப்படி ஏறுவதில்லை. ஆனால் வெயிலில் காய்ந்த சுவர் மாலையில் விழுங்காது, திருப்பித் தரும். சீலிங் ஃபேன் காற்றைக் கலக்குமே தவிர, அதன் வெப்பநிலையைக் குறைக்காது. கதவையும் ஜன்னலையும் எதிரெதிரே திறந்து, ஜன்னலில் வெளியே பார்த்து ஒரு ஃபேன் வைத்தால் குறையும், அதுவும் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்திருக்கும் நேரத்தில் மட்டும்.

கோடை வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே சோதிக்கவும் முடியும். இன்று அறை 30, உச்ச வெயிலில் 40 வரை போகும் என்றால் வித்தியாசம் 10. பல ஏஎம்டி பலகைகளின் பயாஸில் `Platform Thermal Throttle Limit` என்று ஒரு எண் இருக்கும். அதை 95-க்குப் பதில் 85 என்று வைத்து லோடு கொடுத்தால், ப்ராசசர் 40 டிகிரி அறையில் எந்த வாட்டில், எந்தக் கிளாக்கில் நின்றிருக்குமோ ஏறக்குறைய அங்கேயே இன்று நிற்கும். அந்த வேகம் போதுமென்றால் கூலருக்குச் செலவு வேண்டாம். ரேமுக்கு, கேபினெட் ஃபேன்களின் வேகத்தைக் குறைத்து, கார்டுக்கு லோடு கொடுத்து, பட்டைகள் இன்று விளையாட்டில் காட்டும் எண்ணைவிட 10 டிகிரி மேலே போகும்வரை காத்திருந்து அதன்பின் சோதனையைத் தொடங்க வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் `tREFI`-ஐப் பாதியாக்கி மறுபடி அதே சூட்டில் ஓட்டுங்கள். அப்போதும் பிழை வந்தால் அதை ஆட்டோவில் விட்டுவிட்டு, ரேமின் வேகத்தை ஒரு படி இறக்க வேண்டியதுதான்.